எந்த நாள் கடை பூட்டு என்று முன்கூட்டிச் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்களுக்கும் சந்தை நடத்தும் சபையாருக்கும் ஒரு திறந்த மடல்

யாழ் நகரில் கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கும், ஊர்ச் சந்தைகளைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் உள்ளூராட்சி சபைகளில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் இருப்பது கொக்குவில். வேலை கிளிநொச்சியில். விடிய வெளிக்கிட்டால் வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். நான் பஸ்ஸால் இறங்கும் நேரத்தில் சந்தை கலைந்து, நிலத்தில் கோவா இலையும் வாழைத்தடலும்தான் கிடக்கும். நகரத்துக் கடைகளில் பாதி, படங்கு இழுத்துச் சாத்திக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கும். ஞாயிறு பல கடைகள் பூட்டு. ஆகவே கிழமையில் எனக்கு மிச்சம் இருப்பது சனிக்கிழமையும், இடையில் வரும் அரச விடுமுறைகளும்தான். ஏ9 வீதியில் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

எங்களுக்கு லீவு கிடைக்கும் நாளில்தான் உங்களுக்கும் லீவு. பூரணைப் போயாவுக்கு எங்கள் கந்தோர் பூட்டு, வங்கி பூட்டு, பெரும்பாலும் இரும்புக் கடையும் பூட்டு. வீட்டுக் குழாய் உடைந்து நாலு நாளாக வாளியில் தண்ணீர் அள்ளுகிறவர் லீவு எடுக்காமல் குழாய் வாங்க வேண்டுமென்றால் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. கடைகளை 365 நாளும் திறந்து வையுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வீடு வாசல் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவர்களுக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்று வைத்ததும் அதற்காகத்தான். நான் கேட்பது வேறு. அதைச் சொல்ல முதல், நாலு நாள் எப்படிப் போயிற்று என்று ஒன்றை விபரமாகச் சொல்கிறேன்.

2025 தைப்பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. அதற்கு முதல் நாள் திங்கள் போயா. அதற்கு முன்னால் சனி, ஞாயிறு. ஆக, 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைச் சாத்திய வங்கி 15ஆம் தேதி புதன்தான் திறந்தது. வருடத்தில் ஆகக் கூடுதலாகக் காசு கைமாறும் நாட்களில் ஒன்று பொங்கலுக்கு முதல் நாள். அந்த நாளே வங்கி விடுமுறையாகவும் அமைந்துவிட்டது.

எங்கள் ஒழுங்கையில் மேசன் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். கட்டி முடித்த மதிலுக்கான கூலியை வீட்டுக்காரர் வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குக் காசோலையாகக் கொடுத்தார். கொடுத்தவரில் பிழை சொல்ல முடியாது. அவர் வேலையால் வந்ததே அந்த நேரம்தான். ஆனால் வங்கி அதற்குள் பூட்டியாயிற்று. காசோலையைப் புதன் போட்டால், வேறு வங்கியின் காசோலை என்றபடியால் அடுத்த வேலை நாளில்தான் காசு கணக்கில் ஏறும். அதாவது 16ஆம் தேதி வியாழன். பொங்கல் முடிந்து, மாட்டுப் பொங்கலும் முடிந்து, பானையும் கழுவிக் கவிழ்த்த பிறகு. காசோலைக்குப் பதிலாகப் போனில் கணக்குக்கு அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே போயிருக்கும்; அந்த வசதி லீவு நாளிலும் வேலை செய்யும். ஆனால் கூலியைக் காசாகவோ காசோலையாகவோ கொடுத்துப் பழகிய ஊர் இது.

சரி, அவர் வீட்டில் பொங்கவில்லையா? பொங்கினார்கள். ஒழுங்கை முனையில் இருக்கும் சின்னக் கடைக்காரரின் கொப்பியில் பச்சையரிசி, சர்க்கரை, பயறு, முந்திரிகை வற்றல் என்று எழுதப்பட்டது. இந்த ஊரில் நீண்ட விடுமுறைகளைத் தாங்குவது அந்தக் கொப்பிதான். அவருக்கு நாலு நாளுக்குரிய சாமானை வெள்ளிக்கிழமையே நகரத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அதற்குக் கைக்காசு வேண்டும். அந்தக் காசு நாலு நாளும் கொப்பிக்குள் எழுத்தாகக் கிடக்கும். மொத்த வியாபாரி ஞாயிறு திறப்பாரா, திங்கள் திறப்பாரா என்று தெரிந்திருந்தால் அவர் பாதிச் சாமானை வெள்ளியும் மீதியைத் திங்களும் எடுத்திருப்பார். தெரியாதபடியால் எல்லாவற்றையும் வெள்ளியே எடுத்தார். “நான் என்ன சாத்திரமே பாக்கிறது, பிள்ளை? அவை படங்கைத் தூக்கினாத்தான் தெரியும்” என்றார் என்னிடம்.

அந்தத் திங்களன்று நகரத்தில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். போயா என்று சிலர் பூட்டினார்கள். பொங்கல் வியாபாரத்தை யார் விடுவது என்று சிலர் திறந்தார்கள். ஞாயிறும் அப்படித்தான், அரைவாசிக் கடை. ஒரே தெருவில் பாத்திரக் கடை திறந்திருக்க, பக்கத்தில் புடவைக் கடை பூட்டு. ஏ.டி.எம். வரிசை வீதிவரை வந்து நின்றது. நான் பார்த்த ஒரு படங்கில் வெண்கட்டியால் “இன்று கடை பூட்டு” என்று எழுதியிருந்தது. “இன்று” என்று எழுதுவதற்குப் பதிலாக அதே வெண்கட்டியால் வெள்ளிக்கிழமை “திங்கள் பூட்டு” என்று எழுதியிருந்தால், சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு பெண்கள் அந்தப் படங்குக்கு முன்னால் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படி அமைவது அபூர்வம் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. பொங்கலும் போயாவும் அடுத்தடுத்து வருவது வேண்டுமானால் அபூர்வம். பொங்கல் சூரியனோடு நடப்பதால் ஜனவரி 14, 15 என்று நிற்கும். போயா நிலவோடு நடப்பதால் வருடா வருடம் நகரும். 2026இல் போயா 3ஆம் தேதிக்குப் போய்விட்டது, பொங்கல் 15ஆம் தேதி. ஆனால் வெசாக்கைப் பாருங்கள். வெசாக் போயாவும் அதற்கு அடுத்த நாளும் இரண்டுமே விடுமுறை. 2024இல் அது மே 23, 24, வியாழனும் வெள்ளியும். சனி ஞாயிறு சேர நாலு நாள். 2025இல் மே 12, 13, திங்களும் செவ்வாயும். முன்னால் சனி ஞாயிறு சேர அதுவும் நாலு நாள். இரண்டு வருடம் அடுத்தடுத்து. இந்தத் தேதிகளெல்லாம் முதல் வருடமே வர்த்தமானியில் வந்து, நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கலண்டரிலேயே அச்சாகி, எங்கள் சுவரில் தொங்குகின்றன. உங்கள் கடையின் பெயர் மேலே பெரிதாக இருக்கிறது. உங்கள் கடை பூட்டும் நாள் மட்டும்தான் அதில் இல்லை.

அந்தக் கலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிகளைப் பலர் கவனிப்பதில்லை. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தின் கீழ் வரும் நாட்களுக்கு மூன்று குறிகள் உண்டு: அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை. மூன்றும் எல்லா நாளும் ஒன்றாக வருவதில்லை. தைப்பொங்கலுக்கு மூன்றும் உண்டு. மகா சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் கந்தோரும் வங்கியும் பூட்டு; வர்த்தக விடுமுறை கிடையாது. சட்டப்படி பார்த்தால் சிவராத்திரி நாளில் இரும்புக் கடை திறந்திருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு வருடத்தில் கிடைக்கும் அருமையான நாள் அது: எனக்கு லீவு, கடைக்கு வேலை நாள். இரவு கோயிலில் விழித்திருக்கப் போகிறவருக்கும் பகலில் ஒரு குழாய் வாங்க நேரம் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் யார் திறப்பார், யார் திறக்கமாட்டார் என்பது அந்தக் குறியில் இல்லை. முதலாளியின் மனத்தில் இருக்கிறது. தீபாவளிக்குத் திறவுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. சிவராத்திரிக்கு யார் யார் திறக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

மூத்தவர்களோடு கதைத்தால் இதைவிடப் பெரிய குழப்பத்தையும் இந்த ஊர் சமாளித்தது என்பார்கள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு வார விடுமுறை இல்லை. நிலவின் நாலு கட்டங்களைப் பார்த்துத்தான் வார விடுமுறை. ஒரு கிழமை ஞாயிறு பள்ளிக்கூடம், அடுத்த கிழமை புதன் லீவு. ஆனால் அப்போது எல்லாரும் ஒரே கலண்டரைப் பார்த்தார்கள். எது பூட்டு, எது திறப்பு என்பதில் சந்தேகம் இருக்கவில்லை என்று அப்பா சொல்வார். இன்றைக்கு நகரில் அதற்குக் கிட்ட வரக்கூடிய ஓர் இடம் ஐந்துசந்திப் பக்கம். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் அங்கே முஸ்லிம் கடைகள் பூட்டும், தொழுகை முடியத் திறக்கும். யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அங்கே போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

சந்தைக்கு வருகிறேன். சபையாரே, இது உங்களுக்கு.

திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் போன்ற பெரிய சந்தைகளைப் போயா பெரிதாகத் தொடுவதில்லை. கத்தரிக்காய்க்குப் போயா தெரியாது. முற்றினால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். தோட்டக்காரர் விடியப்புறமே கொண்டுவந்து இறக்குவார். சந்தையை அசைப்பது வேறு ஒரு கலண்டர். சைவ வீடுகளில் வெள்ளி மச்சம் இல்லை. அதனால் வியாழன் பின்னேரமும் வெள்ளி விடியவும் மரக்கறிக்கு ஆள் கூட, மீன் சந்தையில் ஈ ஓட்டுவார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் அதே நிலைதான். ஆடி அமாவாசைக்கு இன்னும் விசேடம். வருடத்தில் மற்ற நாட்களில் ஆரும் திரும்பிப் பார்க்காத காத்தோட்டிக்காய்க்கு அன்று விடியத் தனி வரிசை. அந்தச் சின்னப் பச்சைக் காயை ஐந்தாறாகக் கூறு போட்டு விற்பார்கள். விரதச் சமையலில் அது இல்லாமல் தகப்பனாருக்குப் படைக்கமாட்டார்கள். எட்டு மணிக்குப் போனால் கூறும் இருக்காது, விற்றவரும் இருக்கமாட்டார். ஆடி அமாவாசை அரச விடுமுறையும் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள் அதை முதல் நாளே வாங்க வேண்டும். முதல் நாள் பின்னேரம் சந்தை இல்லை.

மீனுக்கு இன்னொரு கணக்கு. பூரணையை ஒட்டிய நாட்களில் நிலவு வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும் என்று கடற்றொழிலாளர்கள் சொல்வார்கள், பாடு குறையும். பாஷையூர், குருநகர்ப் பக்கம் ஞாயிறு பூசை இருப்பதால் சனி இரவு கடலுக்கு இறங்குவதும் குறைவு. ஆகவே போயா ஒரு ஞாயிறில் விழுந்தால் அன்றைக்கு மீன் வாங்கும் யோசனையை விட்டுவிடுவது நல்லது. இறைச்சியும் கிடையாது; போயாவில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு என்பது நாடு முழுக்க உள்ள விதி. இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால் கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ லீவுக்கு வந்து, வீட்டில் ஒரு விருந்து வைக்க நாள் பார்க்கிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மலைநாட்டு மரக்கறி இன்னொரு கதை. கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் தம்புள்ளையில் ஏறி ஏ9 வழியாக லொறியில் வருகிறது. சித்திரை வருடப்பிறப்போடு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வியாபாரம் அடங்கும். அதன் தாக்கம் இங்கே வருடப்பிறப்பன்று தெரியாது; பிறகுதான் தெரியும். முதலில் லீக்ஸ் காணாமல் போகும், பிறகு கரட் வாடத் தொடங்கும், விலை மட்டும் வாடாது. அந்த நாட்களில் கத்தரி, பூசணி, மரவள்ளி, முருங்கை என்று ஊர்ச் சாமானில் சமைக்கிறவர் தப்பினார். இது உங்கள் கையில் இல்லாத விடயம். ஆனால் எந்த நாளில் லொறி வரும் என்று குத்தகைக்காரருக்குத் தெரியும். அதை ஒரு பலகையில் எழுதினால் என்ன குறைந்து போகும்?

நான் கேட்பதற்கு வருகிறேன். கடைக்காரர்களிடம் முதலில். ஒவ்வொரு மாதத்துக்கும், அந்த மாதத்தில் கடை பூட்டும் நாட்களைத் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி, படங்கை இறக்கினாலும் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். படங்கின் மேலே, பெயர்ப் பலகைக்குக் கீழே. ஞாயிறு பூட்டு என்றால் “எல்லா ஞாயிறும்” என்று எழுதுங்கள். பண்டிகைக்கு முதல் ஞாயிறு திறப்பதென்றால் அதையும் எழுதுங்கள். வீட்டில் மரணம் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கதவடைப்பு திடீரென்று வந்தாலும் சரி, அது உங்கள் கையில் இல்லை. மற்றதெல்லாம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இரண்டாவது, நாலு நாள் விடுமுறைகள் வரும்போது ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் இருக்கும் இரும்புக் கடைகளில் ஒன்று, மருந்துக் கடைகளில் இரண்டு மூன்று, மொத்தச் சாமான் கடைகளில் ஒன்றிரண்டு, மாறி மாறி அரை நாள் திறந்திருக்கட்டும். போயாவில் வேலை செய்யும் ஊழியருக்கு ஒன்றரை மடங்கு நாட்கூலி என்பது சட்டம். அதைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு நாள் லீவும் கொடுங்கள். திறக்கும் கடைக்கு அன்று வியாபாரம் ஒன்றரை மடங்குக்கு மேலேயே நடக்கும், ஏனென்றால் மற்றக் கடைகள் பூட்டு. இந்த முறையில் பூட்டியிருக்கும் கடைக்காரரும் நட்டப்படமாட்டார். அடுத்த நீண்ட விடுமுறை அவர் முறை. யார் திறக்கிறார் என்ற விபரம் மூடிய கடையின் அட்டையிலேயே இருக்க வேண்டும். போட்டிக் கடையின் பெயரை எப்படி என் படங்கில் ஒட்டுவது என்று கேட்பீர்கள். மருந்துக் கடைக்காரர்களாவது அந்தக் கூச்சத்தை விடுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வருகிறவருக்கு உங்கள் போட்டி தேவையில்லை.

சபையாரிடம் ஒன்றே ஒன்று. கிழமைக்கு ஒரு நாள், வியாழக்கிழமை, பின்னேரச் சந்தை வையுங்கள். நாலரையிலிருந்து ஏழரை வரை. வெள்ளிச் சமையலுக்கு வாங்குகிறவர்கள் எப்படியும் வியாழன் பின்னேரம் தேடுகிறார்கள். இப்போது அவர்கள் வீதியோரத்தில் லாண்ட்மாஸ்டரில் வைத்து விற்பவரிடம் வாங்குகிறார்கள். தோட்டக்காரரும் காலையில் விற்கத் தவறிய கீரையையும் பயற்றங்காயையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதில்லை. பின்னேரத்துக்கு வைத்திருக்கலாம், அல்லது பின்னேரமே பிடுங்கிக் கொண்டு வரலாம். சந்தைக் கழிவுப் பிரச்சினை, தோட்டக்காரர் கொண்டுவரும் சாமானின் நிறையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ என்று வெட்டும் அந்தச் சண்டை, பின்னேரச் சந்தையில் வரக் கூடாது. தோட்டக்காரர் நேரே வீட்டுக்காரருக்குத் தராசில் நிறுத்து விற்கட்டும். அந்த மூன்று மணித்தியாலத்துக்கும் இடத்துக்கு ஒரு சிறு கட்டணம் போதும்.

இதில் சிக்கல் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். சந்தையை வருடக் குத்தகைக்கு எடுத்தவர், பின்னேரம் தன் ஒப்பந்தத்தில் இல்லை என்பார். கேள்விப்பத்திரத்திலேயே வியாழன் பின்னேரத்தைச் சேர்த்து, கட்டணத்தையும் அதில் எழுதிவிட்டால் அந்தக் கதை வராது. அதற்கு அடுத்த வருடக் கேள்விப்பத்திரம் அச்சாக முதலே முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சம். பின்னேரம் ஆறரைக்கு மேல் இருட்டில் கத்தரிக்காயில் பூச்சி தெரியாது. நாலு பெரிய மின்குமிழ் வேண்டும். மூன்றாவது, காலைச் சந்தைக் குப்பை. அது மத்தியானத்துக்கு முதல் ஏற்றப்பட வேண்டும். இப்போது சில சந்தைகளில் அடுத்த நாள் விடியும் வரை அங்கேயே கிடக்கிறது. குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தின் நேரத்தை மாற்றாமல் பின்னேரச் சந்தையைத் தொடங்கினால் முதல் மழைக்கே ஆட்கள் வரமாட்டார்கள்.

தொடங்குவதென்றால் ஒரு சந்தையில் மட்டும் தொடங்கலாம். என் தெரிவு திருநெல்வேலி. பலாலி வீதியில் பஸ் நிற்கும், பல்கலைக்கழகம் பக்கத்தில், பொழுதுபட்டும் சனம் நடமாடும் இடம். நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு தொடங்குங்கள். திருவிழாக் காலத்தில் வீதித் தடையும், எல்லா நாளும் ஒரே அளவு மரக்கறிக் கேள்வியும் இருப்பதால் அந்த 25 நாளை வைத்துப் பின்னேரச் சந்தை ஓடுமா இல்லையா என்று சொல்ல முடியாது. புரட்டாதி, ஐப்பசி இரண்டு மாதமும் நடத்திப் பாருங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும், தீபாவளியும் கந்தசஷ்டியும் வரும். நல்ல கிழமையும் கெட்ட கிழமையும் இரண்டும் பார்த்துவிடலாம். எந்தக் கிழமை எத்தனை தோட்டக்காரர் வந்தார்கள், எத்தனை மணிக்குச் சாமான் முடிந்தது என்று வாயிலில் கட்டணம் எடுப்பவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். ஆறு மணிக்கே முடிந்தால் அடுத்த கிழமை கூடக் கொண்டுவரச் சொல்லலாம். ஏழரைக்கும் கூடை நிறைந்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் திரும்ப எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக்கு நாளும் போய்வரும் ஓர் அரச ஊழியை,
கொக்குவில்.